பத்தைப் பிடுங்கினால் ஐம்பது சாயும்

மாணவர்கள் தனக்கு 'ரொட்டேஷன் மேடம்' என்று பட்டப்பெயர் வைத்திருப்பது தெரியாததுபோல் அவள் ஆறு வருடமாக நடித்து வந்தாள். கணினிப் பாடத்தில் ஏவிஎல் மரத்தின் சுழற்சியை நடத்தும்போது ஒரு கையைத் தூக்கி, மறு கையைத் தாழ்த்தி, உடம்போடு சேர்ந்து திரும்பிக் காட்டுவாள். ஒருமுறை அந்தத் திருப்பத்தில் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் முதல் வரிசைக்காரன் மடியில் போய் விழுந்தது. அன்று ஒட்டிய பெயர், கோந்து போட்டது மாதிரி நின்றுவிட்டது.

அந்த மேடம் இப்போது விடைத்தாள் திருத்தும் கூடத்தில், நாற்பது பேரோடு நாற்பத்தோராவது ஆளாக, சிவப்புப் பேனாவும் கழுத்து வலியுமாக உட்கார்ந்திருந்தாள். முகாமின் நான்காவது நாள். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம். மின்விசிறி தாள்களைப் பறக்கவிடும் என்பதால் அதைப் போடக் கூடாது, சன்னலைத் திறந்தாலும் அதே கதை என்பதால் திறக்கக் கூடாது. படித்தவர்கள் கூடி எடுத்த முடிவு என்பதால் நாற்பத்தொரு பேரும் படித்தவர்களைப் போலவே வெந்துகொண்டிருந்தார்கள்.

பதினான்காம் கேள்விக்கு எட்டு மதிப்பெண். விடைக்குறிப்பு எழுதியது மேடம்தான். முதல் நாள் காலையில் தலைமைத் தேர்வாளர், எல்லோரும் சீஃப் என்று கூப்பிடுபவர், "பதினாலுக்கு யார் கீ எழுதறீங்க?" என்று கேட்டார். கூடமே குனிந்து செருப்பைப் பார்த்தது. இவள் கையைத் தூக்கினாள். வேலியில் போகிற ஓணானைப் பிடித்துக் காதில் விட்டுக்கொள்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

கேள்வி இதுதான். பன்னிரண்டு எண்கள் கொண்ட ஒரு ஏவிஎல் மரம் படமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதிலிருந்து பத்தை நீக்கு. இந்த மரத்துக்கு வேர் உச்சியில் இருக்கும், இலைகள் தரையில் கிடக்கும்; கணினிக்காரர்கள் தலைகீழாகத்தான் செடி நடுவார்கள். இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. எந்த எண்ணில் போய் நின்றாலும் அதற்கு இடப்பக்கம் தொங்கும் கிளையின் உயரமும் வலப்பக்கம் தொங்கும் கிளையின் உயரமும் ஒன்றுக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. வித்தியாசப்பட்டால் அந்த இடத்தை ஒரு சுழற்று சுழற்றி, கனமான பக்கத்துப் பிள்ளையை மேலே ஏற்றி, பழைய தலையைக் கீழே இறக்க வேண்டும். அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மேடம் இந்த மரத்தை முன்பே பார்த்திருந்தாள். பழைய கேள்வி வங்கியில் உள்ள மரம்தான், வருடா வருடம் வகுப்பில் போடுவதும் இதையேதான். பத்தை நீக்கினால் இருபது சாயும், இருபதைச் சுழற்றினால் முப்பது மேலே வரும், வேலை முடிந்தது. விடைக்குறிப்பை ஐந்து நிமிடத்தில் எழுதி நீட்டினாள். "நீக்கியதற்கு 2, சுழற்சிக்கு 6, மேற்கொண்டு சுழற்றியிருந்தால் தவறு" என்று கீழே கோடு வேறு போட்டிருந்தாள். அந்தக் கோட்டைப் பிற்பாடு நினைத்தபோதெல்லாம் அவளுக்குக் காது சூடானது.

பதினொன்றரை மணிக்கு அந்த விடைத்தாள் வந்தது. பெயர் இல்லை, கல்லூரி இல்லை, மறைப்பு எண் மட்டும். வட்டங்கள் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு. ஏதோ மூடியை வைத்து வரைந்திருக்க வேண்டும். இருபதைச் சுழற்றிய படம் சரி. அதன் பிறகு அம்புக்குறி போட்டு, ஐம்பதையும் சுழற்றி, எண்பதை உச்சியில் உட்காரவைத்து இன்னொரு படம். அந்தப் படத்தின்மேல் மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோட்டு அடித்து, "முந்தைய படமே இறுதி விடை" என்று எழுதியிருந்தது.

நல்லவேளை, கடைசி நிமிடத்தில் புத்தி வந்திருக்கிறது என்று நினைத்து மேடம் எட்டு போட்டாள். பக்கத்தைப் புரட்டினாள். பிறகு திரும்பவும் பின்னால் புரட்டினாள்.

அடிக்கப்பட்ட அந்தப் படம் அழகாக இருந்தது. தராசு மாதிரி நேராக நின்றது. அதற்கு மேலே, அவள் எட்டு போட்ட படம், கல்யாண வீட்டில் ஒரு பக்கம் கழன்ற பந்தல்போல் வலப்பக்கம் தொங்கியது.

பேனா நுனியால் எண்ணினாள். ஐம்பதுக்கு இடப்பக்கம் முப்பது, அதன் கீழே இருபதும் நாற்பதும்: உயரம் இரண்டு. வலப்பக்கம் எண்பது, நூறு, நூற்றுப்பத்து, நூற்றிருபது: உயரம் நான்கு. மறுபடியும் எண்ணினாள். எண்ணிக்கை இரக்கம் காட்டவில்லை. வேரிலேயே இரண்டு வித்தியாசம். அப்படி நிற்பது ஏவிஎல் மரமே இல்லை.

கேள்வித்தாளை இழுத்துப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது, இருபத்தைந்தைக் காணவில்லை. பழைய மரத்தில் முப்பதுக்கு இடப்பக்கம் இருபத்தைந்து, வலப்பக்கம் நாற்பது என்று இரண்டு பிள்ளைகள் உண்டு. அந்த மரத்தில் சுழற்றிய பிறகும் கிளையின் உயரம் பழையபடி மூன்றாகவே இருக்கும். கீழே நடந்தது எதுவும் மேலே உள்ள ஐம்பதுக்குத் தெரியாது, அங்கே நிறுத்துவது சரிதான். கேள்வி அமைத்த யாரோ ஒரு புண்ணியவான், பிள்ளைகள் பழைய விடையை ஒப்பிக்கக் கூடாது என்று இருபத்தைந்தை மட்டும் பிடுங்கியிருந்தார். இப்போது சுழற்றினால் கிளை மூன்றிலிருந்து இரண்டாகக் குட்டையாகிவிடும். குட்டையானதை மேலே இருப்பவர் உணர்வார். அதனால் அங்கேயும் போய்ப் பார்க்க வேண்டும். அவரையும் சுழற்றினால், அவருக்கு மேலே இருப்பவரையும்.

பிள்ளைகள் ஒப்பிக்கக் கூடாது என்று வைத்த பொறியில் ஆசிரியை விழுந்திருந்தாள்.

தெரியாதவள் இல்லை அவள். புதிதாக ஒரு எண்ணைச் சேர்க்கும்போது ஒரு முறை சரிசெய்தால் போதும், கிளை பழைய உயரத்துக்கு வந்துவிடும். நீக்கும்போது அந்தச் சலுகை கிடையாது, உயரம் மாறாத இடம் வரும்வரை, வராவிட்டால் வேர் வரைக்கும், வழியில் உள்ள ஒவ்வொரு தலையையும் பார்த்தாக வேண்டும். முதுகலையில் இதை எழுதித்தான் பதக்கம் வாங்கினாள். ஆனால் ஆறு வருடம் ஒரே மரத்தைப் போட்டுப் போட்டு, "ஒரு சுத்து, முடிஞ்சுது, அடுத்து" என்று சொல்லிச் சொல்லி, வாய்ப் பழக்கம் மூளையைத் தின்றுவிட்டது.

அப்போதுதான் வேறு ஒரு விஷயம் உறைத்தது.

அவள் நாத்தனார், கணவனின் தங்கை, இந்தத் தேர்வைத்தான் எழுதியிருந்தாள். வேறு கல்லூரி, மூன்றாவது முயற்சி. மீதிப் பாடங்கள் எல்லாம் தேறியாயிற்று, இது ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒரு நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டு, மாதக் கடைசிக்குள் சான்றிதழ் கொண்டு வா என்று சொல்லியிருந்தது. உறவுக்காரப் பெண் எழுதுகிறாள் என்று மேடம் முகாமுக்கு வரும்போதே படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். தாள்கள் எல்லாக் கல்லூரியிலிருந்தும் கலந்து வருகின்றன, எது எவருடையது என்று கடவுளுக்கும் தேர்வு அலுவலகத்துக்கும் மட்டும்தான் தெரியும் என்று சொல்லி அனுமதித்திருந்தார்கள்.

அந்தப் பெண்ணைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து நீக்கல் சொல்லிக்கொடுத்தது யார்? இவளேதான். அதே பழைய மரம். "ஒரு சுத்து போதும்மா, அதுக்கு மேல போட்டு மார்க்கைக் கெடுத்துக்காதே." இன்று காலைகூடக் கிளம்பும்போது அந்தப் பெண் கதவருகில் நின்று விரல்விட்டுக் கணக்குச் சொன்னாள்.

"அண்ணி, அந்த மரத்துக் கேள்விக்கு எட்டும் முழுசா வந்துட்டா அம்பத்தொண்ணு. பாஸுக்கு அம்பது. நீங்க சொன்ன மாதிரியே எழுதிட்டேன், கவலையே இல்ல."

விடைக்குறிப்பு இப்படியே கிடந்தால் நாத்தனார் தேறிவிடுவாள். திருத்தினால் தேறமாட்டாள். இதைச் சொல்ல எந்தப் படமும் போடத் தேவையில்லை.

பக்கத்து நாற்காலியில் எக்ஸ்பிரஸ் என்று பெயரெடுத்த ஆசிரியர் இருந்தார். ஒரு நாளைக்கு அறுபது தாள் திருத்துகிறவர். படிக்கிறாரா, முகர்ந்து பார்க்கிறாரா என்பது இதுவரை நிரூபிக்கப்படவில்லை. மேடம் தாளை அவர் பக்கம் நகர்த்தி விஷயத்தைச் சொன்னாள். அவர் எண்ணிப் பார்த்தார், வாழ்க்கையில் முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார்.

"அய்யய்யோ, ஆமா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, யாருக்குத் தெரியப்போகுது? உங்க கையில இருக்கிற கட்டுல மட்டும் திருத்திக்கங்க. மத்தது கிடக்கட்டும் மேடம்."

"மத்த கட்டுல ரெண்டாவது சுத்தும் சரியா போட்டவங்களுக்கு நாம ரெண்டு மார்க்குதான் போட்டிருக்கோம், சார். தப்புன்னு அடிச்சு."

"அவங்க ரொம்ப நல்லாப் படிக்கிற பசங்க. எப்படியும் பாஸாயிடுவாங்க."

அந்தச் சமாதானம் எவ்வளவு மெத்தென்று இருந்தது என்பதை மேடம் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் முழுக்க அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கதவருகில் விரல்விட்டு எண்ணிய பெண்ணின் முகம் வந்தது. கூடவே, எங்கோ முகம் தெரியாத ஒருத்தி சரியாக எழுதி, இரண்டு மதிப்பெண் வாங்கி, நாற்பத்தைந்தில் நிற்பதும் வந்தது. அவளுக்கும் ஒரு கதவு இருக்கும், அவளும் யாரிடமாவது கணக்குச் சொல்லியிருப்பாள். மேடம் தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு எழுந்தாள்.

சீஃப் மூலை மேசையில் தேநீரில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார். கேட்டு முடிப்பதற்குள் பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. கரண்டியால் அதைத் தேடியபடியே பேசினார்.

"எத்தனை தாள் முடிஞ்சிருக்கு தெரியுமா? நாலாயிரத்து நூறு. நாலு நாள் வேலை."

"தெரியும் சார். தப்பு என்னோடது."

"யானைக்கும் அடி சறுக்கும். ஆனா யானை சறுக்கினா கீழ நிக்கிறவன்தானே நசுங்கறான்?" அவர் கூடத்தைக் கண்ணால் காட்டினார். "சரி. இதுவரைக்கும் முடிஞ்சது முடிஞ்சதா இருக்கட்டும். இனிமே வர்ற தாளுக்குப் புதுக் கீ. சந்தோஷமா?"

"அதைவிடப் பழைய கீயே மேல் சார். எல்லாருக்கும் ஒரே அநியாயமாவது கிடைக்கும்."

சீஃப் அவளை நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். பெருமூச்சு விட்டுவிட்டு, இந்தக் கூடத்தில் எல்லாக் கட்டையும் திரும்பப் பிரிக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். மேடம் நகராமல் நின்றாள்.

"இன்னும் என்ன?"

"மாடியிலயும் ஒரு கூடம் இருக்கு சார். அங்கயும் என் கீதான் போயிருக்கு. அங்க முடிஞ்சதை அலுவலகத்துக்கு வேற அனுப்பியிருப்பாங்க."

"கீழ ஒரு ஓட்டையை அடைக்கச் சொன்னா, கூரை வரைக்கும் பிரிக்கச் சொல்றீங்களே!"

"கீழ மட்டும் சரி பண்ணிட்டு நிறுத்தினதுதான் சார் இப்ப வந்திருக்கிற வினையே."

அவர் அதை ரசிக்கவில்லை. ஆனால் தொலைபேசியை எடுத்தார். மாடிக்குப் பேசினார், மாடி கத்தியது இங்கேவரை கேட்டது. தேர்வு அலுவலகத்துக்குப் பேசினார். அங்கே கத்தவில்லை, எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். கத்துவதைவிட அதுதான் பயங்கரம். மேடம் நின்ற நிலையிலேயே எழுதி, "விடைக்குறிப்பில் ஏற்பட்ட பிழை முழுக்க என்னுடையது" என்று கையெழுத்துப் போட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு புதிய குறிப்பை சீஃப் வாசித்தார். நீக்கியதற்கு இரண்டு, இருபதில் சுழற்றியதற்கு மூன்று, ஐம்பதில் சுழற்றியதற்கு மூன்று. கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. அதில் சில சொற்கள் பாடத்திட்டத்தில் இல்லாதவை. எக்ஸ்பிரஸ் மட்டும் கையைத் தூக்கினார்.

"சார், சில பேர் ரெண்டாவது சுத்தையும் சரியாப் போட்டுட்டு, அப்புறம் அடிச்சிருக்காங்க. அதுக்கு ஏதாவது போட்டுக் கொடுக்கலாமா?"

சீஃப் மேடத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். வீட்டில் தேர்வு எழுதிய பெண் இருக்கும்போது இளகிப் பேசினால் நாளைக்கு நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசுவார்கள். மேடம் எழுந்தாள்.

"அடிச்சது அடிச்சதுதான் சார். விதியில அப்படித்தான் இருக்கு. மாணவரே வேண்டாம்னு சொன்ன விடையை நாம எப்படி எடுத்துக்கறது?"

"கேட்டுக்கங்க, அடிச்சது அடிச்சதுதான்" என்று சீஃப் முடித்தார். மேடம் உட்கார்ந்து, முதலில் அந்த ஒரே அளவு வட்டத் தாளை எடுத்து, எட்டை வெட்டி ஐந்து போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டாள். நியாயமாக நடந்துகொண்டோம் என்ற நினைப்பில் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மாமியார் சாப்பாட்டு மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே நாத்தனார், புதிய வேலைக்கு எந்தப் பை வாங்கலாம் என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பையைப் பற்றி அவள் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மேடம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். கீ தப்பு. தப்பாக எழுதியது நான். உனக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்ததும் நான். இன்றைக்கு அதைத் திருத்தியதும் நானேதான். எட்டு வராது, ஐந்துதான் வரும்.

"அப்ப நாப்பத்தெட்டு" என்றாள் நாத்தனார்.

மாமியார் கத்தியை வைத்தார். "திருத்தாம விட்டிருந்தா?"

"பாஸ், அத்தை."

"உன் வாயில அப்ப ஒரு கொழுக்கட்டை இருந்திருக்கக் கூடாதா? இத்தனை படிச்சவங்க உக்காந்திருக்கிற இடத்துல நீ ஒருத்திதான் பேசணுமா?" அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

நாத்தனார் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பையிலிருந்து ஒரு தாளையும் உதட்டுக் களிம்பு டப்பாவையும் எடுத்தாள். டப்பாவின் மூடியைக் கழற்றித் தாளில் வைத்து, பேனாவால் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். மூடியை நகர்த்தி இன்னொரு வட்டம். பிறகு இன்னொன்று. எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு.

மதியம் எட்டை வெட்டி ஐந்து போட்ட தாளின் வட்டங்கள். மேடம் நாற்காலியை இழுத்தாள்.

"நான் போட்டிருந்தேன் அண்ணி" என்றாள் நாத்தனார் தாளைப் பார்த்தபடியே. "இருபதைச் சுத்தினதும் மேல பார்த்தேன். இடது பக்கம் ரெண்டு, வலது பக்கம் நாலு. சாஞ்சு கிடந்துச்சு. அம்பதையும் சுத்தினேன், எம்பது மேல வந்துச்சு, நேரா நின்னுச்சு. சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, ஒரு சுத்து போதும், மேல போட்டு மார்க்கைக் கெடுத்துக்காதேன்னு. அண்ணிக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு அடிச்சிட்டேன்."

மேடம் உட்கார்ந்து அழுதாள். அழகாக அழவில்லை, மூக்கொழுக, தோளில் பையோடு, காலில் செருப்போடு அழுதாள். தேறவேண்டிய பெண்ணை ஒரு முறை இந்த மேசையில் வைத்துக் கெடுத்தாள், இன்னொரு முறை கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கெடுத்தாள். அதைச் சொல்லவும் செய்தாள். அடித்ததை எண்ணலாமா என்று கேட்டபோது, கூடாது என்றது தன் வாய்தான் என்றும் சொன்னாள்.

"இப்ப என்ன, அந்தப் பெரிய மனுஷனுக்கு ஒரு ஃபோனைப் போடு" என்றார் மாமியார். "அடிச்சதுக்கும் மார்க் போடச் சொல்லு."

மேடம் கைப்பேசியை எடுத்தாள். எடுத்தாள் என்பது உண்மை, மறைப்பதற்கில்லை. சீஃபின் எண்வரை போய்விட்டாள்.

"வைங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "கூடத்துல கேட்டப்பவே பேசியிருந்தா அது எல்லாருக்குமா இருந்திருக்கும். இப்ப பேசினா எனக்கு மட்டும்தான். அடிச்ச கையும் என் கைதானே."

"வேலை போயிடுமேம்மா."

"போகும்." அவள் குரல் உடைந்தது, பிறகு எரிச்சலில் நிமிர்ந்தது. "கோவமாத்தான் இருக்கு. ஒரு வாரம் உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேன்னு நினைக்கிறேன். நாளையில இருந்து. அடுத்த பரீட்சைக்கு இந்த வீட்ல யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். நான் சொல்றேன், நீங்க கேளுங்க."

மேடம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். நாத்தனார் பன்னிரண்டு வட்டங்களையும் போட்டு முடித்து, எண்களை எழுதி, பத்தின்மேல் ஒரு கோடு கிழித்தாள்.

"பத்து போச்சு. இருபதைப் பாருங்க."

"இடது பூஜ்யம், வலது ரெண்டு. சுத்தணும்."

"சுத்தியாச்சு. முப்பது மேல வந்துடுச்சு. நிறுத்தலாமா?"

"கூடாது. உயரம் குறைஞ்சிருக்கு."

"சத்தமாச் சொல்லுங்க."

"கூடாது! மேல போய் அம்பதைப் பார்க்கணும். இடது ரெண்டு, வலது நாலு. அதையும் சுத்தணும்."

"எம்பது உச்சிக்கு வந்தாச்சு. எம்பதுக்கு மேல யாரு இருக்கா?"

மாமியாரும் தாளை எட்டிப் பார்த்தார்.

"யாரும் இல்ல" என்றாள் மேடம்.

"இப்ப நிறுத்துங்க. போய்ச் செருப்பைக் கழட்டிட்டு வாங்க."